கட்டளையின் காலம் யாருக்குச் சொந்தம்? 8085 நுண்செயலியின் ஆப்கோடுச் சுழற்சியும் காத்திருப்பு நிலைகளும்

1. கேள்வி

இன்டெல் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 8085 என்னும் எட்டுபிட் நுண்செயலியின் கட்டளைப் பட்டியலில் ஒவ்வொரு கட்டளைக்கும் நேராக ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். `MOV A,D` என்பதற்கு 4, `DCX D` என்பதற்கு 6, `LDA` என்பதற்கு 13 என்று போகும் அவ்வெண்கள், அந்தக் கட்டளை நிறைவேறுவதற்கு எத்தனை கடிகார நிலைகள் தேவை என்பதைக் குறிக்கின்றன. நம்முடைய பொறியியற் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்த நுண்செயலியைப் பயின்ற ஒவ்வொருவரும் அவ்வெண்களைக் கூட்டித் தாமத நிரல்களுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில், எண் கட்டளைக்கே உரிய குணம் என்ற அனுமானம் சொல்லாமலே அடங்கியிருக்கிறது; நினைவகம் எதுவாயினும், `MOV` நான்கு நிலைகளில் முடியும் என்று மாணவன் நம்பிவிடுகிறான். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நிற்கும், எந்த இடத்தில் உடையும் என்பதை, எல்லாக் கட்டளைகளுக்கும் பொதுவான முதற்படியாகிய ஆப்கோடு கொணரும் சுழற்சியை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நான்கு நிலைகளில் நிகழ்வது

நுண்செயலியோடு இணைக்கப்படும் படிகத்தின் அதிர்வெண்ணை 8085 தனக்குள்ளேயே இரண்டாக வகுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் காணப்படும் 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம், ஆகையால், 3.072 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைத் தருகிறது. ஒரு நிலையின் நீளம் ஏறக்குறைய 325.5 நானோவினாடி. ஒரு முறை நினைவகத்தை அணுகி ஒரு பைட்டைப் பெறுவதற்கோ கொடுப்பதற்கோ ஆகும் நிலைகளின் தொகுதிக்கே யந்திரச் சுழற்சி என்று பெயர். ஒவ்வொரு கட்டளையின் முதற் சுழற்சியும் ஆப்கோடைக் கொணரும் சுழற்சியாகவே இருக்கும்.

முதல் நிலையில், நிரல் எண்ணி காட்டும் பதினாறு பிட் முகவரி வெளியே வைக்கப்படுகிறது. அதன் மேற்பாதி தனக்கென அமைந்த எட்டுக் கம்பிகளிலும், கீழ்ப்பாதி முகவரிக்கும் தரவுக்கும் பொதுவான எட்டுக் கம்பிகளிலும் தோன்றும். அந்தப் பொதுக் கம்பிகளில் இப்போது இருப்பது முகவரியே என்று அறிவிக்கும் ஏ.எல்.இ. துடிப்பு எழுந்து தாழ, வெளியிலுள்ள லாட்ச் அதைப் பற்றிக்கொள்கிறது. இரண்டாம் நிலையில் நுண்செயலி பொதுக் கம்பிகளை விட்டு விலகி, படிக்கும் ஆணையாகிய ஆர்.டி. கம்பியைத் தாழ்த்துகிறது, நிரல் எண்ணி ஒன்று கூட்டப்படுகிறது, நினைவகம் தயாரா என்று ரெடி என்னும் உள்ளீட்டுக் கம்பி சோதிக்கப்படுகிறது. மூன்றாம் நிலையின் நடுப்பகுதியில் நினைவகம் கொடுத்த பைட் கட்டளைப் பதிவேட்டுக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஆர்.டி. மீண்டும் உயர்கிறது. நினைவகத்திலிருந்து சாதாரணத் தரவைப் படிக்கும் சுழற்சியாக இருந்தால் இத்தோடு வேலை முடிந்தது. ஆப்கோடுச் சுழற்சிக்கு மட்டும் நான்காவதாக ஒரு நிலை எஞ்சியிருக்கிறது.

3. நான்காம் நிலையைப் பற்றிய வழக்கமான விளக்கம்

மூன்று நிலைகள் கொணர்வதற்கு, நான்காவது நிலை கட்டளையின் பொருளைப் பகுத்தறிவதற்கு என்றே பாடநூல்கள் சொல்லிச் செல்கின்றன. இது பிழையன்று; ஆனால் முழுமையும் அன்று. நான்காம் நிலையோடு கட்டளையின் வேலை முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை இவ்விளக்கம் உண்டாக்குவதே அதன் குறை. 8085க்கு முன்னோடியாகிய 8080க்கு இன்டெல் வெளியிட்ட நிலைவாரி அட்டவணையில், `ADD` போன்ற கணிதக் கட்டளைகளின் உண்மையான கூட்டல் அடுத்த கட்டளையின் ஆப்கோடு கொணரப்படும் வேளையிலேயே முடிவடைவதாகத் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. பேருந்துக் கம்பிகள் அடுத்த முகவரியைச் சுமந்துகொண்டிருக்க, உள்ளே கூட்டற்பொறி முந்தைய கட்டளையின் விடையை எழுதிக்கொண்டிருக்கும். எனவே, ஒரு கட்டளைக்கு 4 என்று பட்டியல் கூறினால், அந்தக் கட்டளையின் வேலை நான்கு நிலைகளில் முடிகிறது என்று அதற்குப் பொருளில்லை. நான்கு நிலைகளுக்குப் பிறகு அடுத்த கட்டளையைக் கொணரத் தொடங்கலாம் என்பதே பொருள்.

இக்கருத்துக்கு மற்றொரு சான்று, 8080க்கும் 8085க்கும் உள்ள வேறுபாட்டில் கிடைக்கிறது. பதிவேட்டிலிருந்து பதிவேட்டுக்குச் செல்லும் `MOV` பழைய செயலியில் 5 நிலைகள் எடுத்தது. புதியதில் 4 நிலைகளே. இதற்கு நேர்மாறாக, பதினாறு பிட் எண்ணை ஒன்று குறைக்கும் `DCX` பழையதில் 5 நிலைகளும், புதியதில் 6 நிலைகளும் எடுக்கிறது. பகுத்தறியும் வேலை மட்டுமே கூடுதல் நிலைகளுக்குக் காரணமாயிருந்தால், ஒன்று சுருங்க மற்றொன்று நீள்வதற்கு நியாயமில்லை. உள்ளே எந்த உறுப்பு எப்போது ஓய்வாயிருக்கிறது என்பதே இவ்வெண்களைத் தீர்மானிக்கிறது என்று கொள்வதுதான் பொருத்தம்.

ஆறு நிலை ஆப்கோடுச் சுழற்சி உடைய கட்டளைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். `INX`, `DCX`, `PCHL`, `SPHL`, `PUSH`, `CALL`, `RST` ஆகிய இவையெல்லாம் பதினாறு பிட் அளவில் ஒரு முகவரியைக் கூட்டவோ குறைக்கவோ பெயர்க்கவோ வேண்டியவை. அதற்கென்று செயலிக்குள் இருப்பது ஒரே கூட்டிக்குறைக்கும் சுற்று. அதுவோ இரண்டாம் நிலையில் நிரல் எண்ணியை உயர்த்தும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. `PUSH` கட்டளை தன் முதற்பைட்டை எழுதுமுன்பே அடுக்குச் சுட்டியைக் குறைத்தாக வேண்டும். ஆகவே ஐந்தாம், ஆறாம் நிலைகள் அவசியமாகின்றன. நிபந்தனையோடு கூடிய `RET` இப்பட்டியலில் சேர்வதற்குக் காரணம் வேறு: தாவும் கட்டளைக்கு நிபந்தனையைச் சோதித்துக்கொண்டிருக்கும் வேளையில் படிப்பதற்கு அடுத்த பைட் ஒன்று எப்படியும் இருக்கிறது, `RET` கட்டளைக்கோ அப்படிப்பட்ட பைட் கிடையாது, நிபந்தனை தவறினால் ஆப்கோடுச் சுழற்சியோடேயே அது முடிய வேண்டியிருப்பதால் சோதனையும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

இந்த நான்காம் நிலையிலும், இருந்தால் ஐந்தாம் ஆறாம் நிலைகளிலும், நினைவகத்துக்கு வேலையே இல்லை. அப்போது முகவரியின் மேற்பாதிக் கம்பிகளில் என்ன இருக்கும் என்பதற்குக்கூட உற்பத்தியாளர் உறுதி தரவில்லை. காத்திருப்பின் விளைவை எடைபோடும்போது இந்தச் செய்தி முக்கியமாகப் பயன்படும்.

4. காத்திருப்பு நிலை நுழையும் இடம்

நினைவகச் சில்லு முகவரியைப் பெற்ற அதே கணத்தில் பைட்டைத் தந்துவிடுவதில்லை. எழுபதுகளின் இறுதியில் பரவலாக வழங்கிய 2716 என்னும் அழித்தெழுதும் நினைவகத்தின் சாதாரண வகைக்கு, முகவரி நிலைத்த பிறகு தரவு வெளிவர 450 நானோவினாடி வரை ஆகலாம். செயலி எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதை இன்டெல்லின் தரவேடு ஒரு சூத்திரமாகத் தருகிறது. 8085ஏ என்னும் வகைக்கு, முகவரி வெளிவந்ததிலிருந்து தரவு வந்துசேர வேண்டிய எல்லை நானோவினாடிகளில் இதுவாகும்:

```
(5/2 + N) T - 225
```

இதில் T ஒரு நிலையின் நீளம். N காத்திருப்பு நிலைகளின் எண்ணிக்கை. இரண்டரை நிலைகள் என்பது முதல் நிலையின் தொடக்கத்திலிருந்து மூன்றாம் நிலையின் நடு வரை உள்ள தூரம். கழிக்கப்படும் 225 நானோவினாடி, முகவரி வெளிவரும் தாமதத்துக்கும் தரவு சற்று முன்னதாகவே நிலைத்திருக்க வேண்டிய அவகாசத்துக்கும் உரியது. 3.072 மெகாஹெர்ட்ஸில் காத்திருப்பு ஏதுமின்றிக் கணக்கிட்டால் 589 நானோவினாடி கிடைக்கிறது. லாட்ச்சுக்கும் முகவரியைப் பகுக்கும் சுற்றுக்கும் நூறு நானோவினாடி ஒதுக்கினாலும் 450 நானோவினாடிச் சில்லு அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். பட்டியலிலுள்ள எண்கள் ஆய்வுக்கூடக் கருவிகளில் அப்படியே பலிப்பதற்கு இதுவே காரணம்.

இப்பொழுது 8085ஏ-2 என்னும் வேகமான வகையை எடுத்து, 5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 200 நானோவினாடி நிலையில் ஓட்டுவோம். இந்த வகைக்குக் கழிக்க வேண்டியது 150 மட்டுமே. எனினும் எல்லை 350 நானோவினாடியாகச் சுருங்கிவிடுகிறது. 450 நானோவினாடிச் சில்லு இதற்குள் பதிலளிக்க இயலாது. ஒரு காத்திருப்பு நிலை சேர்ந்தால் எல்லை 550 ஆகி, லாட்ச்சுக்கும் பகுப்புச் சுற்றுக்கும் சரியாக நூறு நானோவினாடி மிஞ்சுகிறது.

அந்த நிலை நுழையும் விதம் எளிது. இரண்டாம் நிலையின் நடுவில் ரெடி கம்பி தாழ்ந்திருப்பதைச் செயலி கண்டால், மூன்றாம் நிலைக்குப் போகாமல் ஒரு காத்திருப்பு நிலைக்குள் புகும்; அதன் நடுவில் மறுபடியும் அதே கம்பியைச் சோதிக்கும்; உயர்ந்திருந்தால் மூன்றாம் நிலைக்குச் செல்லும், இல்லையேல் இன்னுமொரு காத்திருப்பு. இந்தக் காலம் முழுவதும் முகவரி அப்படியே நிற்கும், ஆர்.டி. தாழ்ந்தே இருக்கும், ஏ.எல்.இ. மறுபடி எழாது. ஒரே ஒரு காத்திருப்பைத் தருவதற்கு இரண்டு டி வகை பிளிப்பிளாப்புகள் போதும். ஏ.எல்.இ. எழும்போது முதலாவது நிமிர்கிறது. கடிகாரத்தின் அடுத்த ஏற்றத்தில் இரண்டாவது நிமிர்ந்து, ரெடியைத் தாழ்த்துவதோடு முதலாவதையும் அழித்துவிடுகிறது. அதற்கடுத்த ஏற்றத்தில் செயலி தாழ்ந்த ரெடியைக் கண்டுகொள்ளும் அதே தருணத்தில் இரண்டாவதும் விழுந்து, ரெடி மறுபடி உயர்கிறது.

5. ஒரு தாமத நிரலின் கணக்கு

காத்திருப்பு எங்கே எவ்வளவு கூடுகிறது என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, எல்லோருக்கும் பழக்கமான தாமதச் சுழலில் எண்ணிப் பார்ப்பது மேல்.

```
      LXI D,0FA00H   ; 10
LOOP: DCX D          ; 6
      MOV A,D        ; 4
      ORA E          ; 4
      JNZ LOOP       ; 10 / 7
```

`0FA00H` என்பது 64,000. சுழலின் ஒரு சுற்றுக்கு 6, 4, 4, 10 ஆக 24 நிலைகள். கடைசிச் சுற்றில் தாவுதல் நிகழாதபடியால் மூன்று நிலைகள் குறையும். மொத்தம் 10 + 24 × 64,000 − 3, அதாவது 15,36,007 நிலைகள், 3.072 மெகாஹெர்ட்ஸில் இது 500 மில்லிவினாடியும் இரண்டு மைக்ரோவினாடிக்குச் சற்று மேலும் ஆகும். மிகத் துல்லியமான அரை வினாடி. (8080இல் இதே சுழல் 5, 5, 4, 10 என்று வேறு உறுப்புகளாகப் பிரிந்தும் அதே 24ஐ எட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது.)

இந்நிரல் ஒவ்வோர் அணுகலுக்கும் ஒரு காத்திருப்பு வைக்கும் நினைவகத்தில் இருந்தால் என்ன ஆகும்? காத்திருப்பு நிலைகளின் எண்ணிக்கை யந்திரச் சுழற்சிகளைப் பொறுத்தது. நிலைகளையோ கட்டளைகளையோ பொறுத்ததன்று. `DCX`, `MOV`, `ORA` ஆகியவற்றுக்கு ஆப்கோடுச் சுழற்சி மட்டுமே. `JNZ` கட்டளைக்கு ஆப்கோடும் முகவரியின் இரண்டு பைட்டுகளுமாக மூன்று சுழற்சிகள். ஆக ஆறு சுழற்சிகள், ஆறு காத்திருப்புகள். 24 நிலைகள் 30 ஆகின்றன. `LXI` 10 என்பது 13 ஆகிறது. கடைசிச் சுற்றைக் கணக்கிடுகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாவாத `JNZ` ஆப்கோடையும் ஒரே ஒரு பைட்டையும் மட்டும் படித்து 7 நிலைகளில் முடிவது. காத்திருப்போடு அது 9. தாவும் `JNZ` காத்திருப்போடு 13. ஆகவே கழிக்க வேண்டியது 3 அல்ல, 4. மொத்தம் 13 + 30 × 64,000 − 4, அதாவது 19,20,009 நிலைகள். 3.072 மெகாஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் அரை வினாடி 625 மில்லிவினாடியாக நீண்டுவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கடிகாரமும் மாறவில்லை.

5 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு வந்தால், காத்திருப்பின்றி ஒரு சுற்று 4.8 மைக்ரோவினாடியில் முடிந்திருக்கும். காத்திருப்போடு 6 மைக்ரோவினாடி. பழைய 3.072 மெகாஹெர்ட்ஸில் அது 7.8125 மைக்ரோவினாடி. கடிகாரத்தை ஏறக்குறைய 63 சதவிகிதம் உயர்த்தியவர், இந்தச் சுழலில் 30 சதவிகித வேக உயர்வையே பெறுகிறார். மெதுவான நினைவகத்தோடு கூடிய அவருடைய 5 மெகாஹெர்ட்ஸ் செயலி, 4 மெகாஹெர்ட்ஸ் செயலியாகவே நடந்துகொள்கிறது.

6. சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை

இங்கே கிடைத்த நான்கில் ஒரு பங்கு என்ற விகிதத்தைப் பொதுவிதியாகக் கொண்டுவிடலாகாது. காத்திருப்பு இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே நுழைவதன்றி, நான்காம் நிலைக்குப் பிறகு நுழைவதில்லை. ஆகையால், செயலி தன் உள்வேலைக்காக நீட்டிக்கொண்ட நிலைகள் காத்திருப்பினால் தீண்டப்படாமல் நிற்கின்றன. ஆறு நிலை `DCX` ஒரு காத்திருப்பால் ஆறில் ஒரு பங்கும், நான்கு நிலை `MOV` நான்கில் ஒரு பங்கும், மூன்று நிலைத் தரவுச் சுழற்சி மூன்றில் ஒரு பங்கும் நீள்கின்றன. ஆப்கோடுக்குப் பின் மூன்று தரவுச் சுழற்சிகளைக் கொண்ட `LDA` 13இலிருந்து 17க்குப் போகிறது; இது 31 சதவிகிதம். உள்ளுக்குள் நிதானமாக வேலை செய்யும் கட்டளையைக் காத்திருப்பு குறைவாகவும், நினைவகத்தை அடிக்கடி நாடும் கட்டளையை அதிகமாகவும் தண்டிக்கிறது.

நிரல் மெதுவான 2716இலும், தரவு வேகமான நினைவகத்திலும் இருக்க, காத்திருப்புச் சுற்றை 2716இன் தேர்வுக் கம்பியோடு இணைத்துவிட்டால் `LDA` 16 நிலைகளில் முடியும். ஏனெனில் கடைசித் தரவுச் சுழற்சி காத்திருப்பதில்லை. அதே கட்டளை, அதே செயலி, அதே கடிகாரம். ஆயினும் 13, 16, 17 என்று மூன்று விடைகள். எனவே பட்டியலின் எண்ணைக் கட்டளையின் தனிக்குணம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கட்டளையும் அது வாசம் செய்யும் நினைவகமும் சேர்ந்து உண்டாக்கும் எண் அது. காத்திருப்பற்ற நினைவகம் என்ற நிபந்தனை அதன்கீழ் எழுதப்படாமலே இருக்கிறது. நிலைகளின் எண்ணிக்கையோடு யந்திரச் சுழற்சிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டவரே எந்த நினைவகத்துக்கும் கணக்குப் போட முடியும்.

இந்நிலையில் ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 செயலியை ஒப்பிடுவது பயன்தரும். அதன் ஆப்கோடுச் சுழற்சியும் நான்கு நிலைகளே. ஆனால் பைட்டை மூன்றாம் நிலையின் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டு, மீதி நேரத்தில் நினைவகத்தைப் புதுப்பிக்கும் முகவரியை வெளியிடுகிறது. 8085இல் ஆப்கோடுக்கும் தரவுக்கும் ஒரே கால எல்லை. இசட்80இல் ஆப்கோடுக்கு அரை நிலை குறைவு. ஜப்பானில் தோன்றிய எம்.எஸ்.எக்ஸ். கணிப்பொறிகளில் ஆப்கோடுச் சுழற்சிக்கு மட்டும் ஒரு காத்திருப்பு வைக்கப்பட்டதற்குப் பின்னணி இந்த நெருக்கடியே. நான்கு என்ற எண் ஒன்றாயிருப்பினும் அதற்குள்ளிருக்கும் அவகாசம் வேறுவேறு.

7. தவறுகளும் அவற்றைக் கண்டுகொள்வதும்

காத்திருப்பு தேவைப்படும் இடத்தில் அதை வைக்காமல் விட்டால், கருவி உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 450 நானோவினாடி என்பது மோசமான சூழ்நிலைக்கான உத்தரவாதம். பெரும்பாலான சில்லுகள் அறை வெப்பத்தில் அதைவிட விரைவாகவே பதிலளிக்கும். ஆகவே குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடும் கருவி, சூடேறிய பின்பு, அல்லது மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தபோது, திடீரென்று வழிதவறும். தவறாகப் படிக்கப்பட்ட ஆப்கோடு செயலியை நினைவகமே இல்லாத முகவரிக்குத் துரத்தக்கூடும். அங்கே, இழுப்பு மின்தடைகள் வைத்த பேருந்தில், எல்லாக் கம்பிகளும் உயர்ந்து `FFH` என்று படிக்கப்படும். அதுவோ `RST 7` கட்டளை. செயலி `0038H` முகவரிக்குப் பாயும். அங்கும் `FFH` இருந்தால், ஒவ்வொரு முறையும் திரும்பும் முகவரியாகிய `0039H` அடுக்கில் ஏறிக்கொண்டே போகும். நின்றுபோன கருவியின் எழுதும் நினைவகத்தை ஆராய்கையில் `39 00` என்ற இரட்டை வரிசைவரிசையாக நிறைந்திருந்தால், நிரலின் தர்க்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன் `FFH` எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே முறை.

நேர்மாறான தவறு, ரெடி கம்பி தாழ்ந்தபடியே சிக்கிக்கொள்வது. அப்போது செயலி எல்லையின்றிக் காத்திருக்கும். தொடங்கிய பேருந்துச் சுழற்சி முடியாதவரை குறுக்கீடுகளையோ ஹோல்டு வேண்டுகோளையோ அது ஏற்காது. மறுதொடக்கக் கம்பியே அதை விடுவிக்கும். அலைகாட்டியில் இதை ஐயமின்றி அறியலாம்: கடிகார வெளியீடு துடித்துக்கொண்டே இருக்கும், ஏ.எல்.இ. எழாது, ஆர்.டி. தாழ்ந்தே கிடக்கும். `HLT` கட்டளையால் நின்ற செயலியிலும் ஏ.எல்.இ. எழாதுதான், ஆனால் அங்கே ஆர்.டி. தாழ்ந்து நிற்பதில்லை.

காத்திருப்பு உண்மையில் எத்தனை என்பதை அறியவும் ஏ.எல்.இ. துடிப்புகளே உதவும். தொடர்ந்து `NOP` நிறைந்த நினைவகப் பகுதியைச் செயலி படித்துச் செல்லும்போது, 3.072 மெகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்புகளுக்கிடையே 1.30 மைக்ரோவினாடி இருந்தால் காத்திருப்பு இல்லை; 1.63 இருந்தால் ஒன்று, 1.95 இருந்தால் இரண்டு. ஒரே நிரலை நிலையான நினைவகத்திலும், பிறகு எழுதும் நினைவகத்திலும் வைத்து இவ்வாறு அளந்தால், காத்திருப்புச் சுற்று தேர்வுக் கம்பியோடு சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா, எல்லாச் சுழற்சிகளையும் வீணாகத் தாமதிக்கிறதா என்பதும் வெளிப்பட்டுவிடும்.